எத்தனால் தயாரிப்பு: நொதித்தலா, எத்தீன் நீரேற்றமா?

இரண்டிலும் கிடைப்பது ஒரே எத்தனால்தான். தேர்வில் மதிப்பெண் பிரிவது நிபந்தனைகளில்.

நொதித்தல்: C₆H₁₂O₆ → 2C₂H₅OH + 2CO₂. சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் சேர்த்து, ஏறக்குறைய 30°C-இல், காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். குளிர்ந்தால் வினை மந்தமாகும். அதிகம் சூடேறினால் நொதிகள் இயல்பிழக்கும். "நொதி இறந்துவிடும்" என்று எழுதாதீர்கள், அது உயிரி அல்ல. காற்று புகுந்தால் பாக்டீரியா எத்தனாலை எத்தனாயிக் அமிலமாக ஆக்சிஜனேற்றும். புளித்த காடி வாசனையே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆல்கஹால் 15% அளவை நெருங்கும்போது ஈஸ்ட் செயலிழப்பதால், பின்னக் காய்ச்சி வடித்தல் தேவை.

நீரேற்றம்: C₂H₄ + H₂O ⇌ C₂H₅OH. இதற்கு 300°C, 60–70 வளிமண்டல அழுத்தம், பாஸ்பாரிக் அமில வினையூக்கி தேவை. ஒரு சுற்றில் சுமார் 5% எத்தீனே மாறும். மீதியைத் திரும்பச் செலுத்துவார்கள்.

கணக்கில் பார்த்தால், 180 கிராம் குளுக்கோஸ் அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் தரும். மீதி 88 கிராம் CO₂. 28 கிராம் எத்தீன் முழுவதும் மாறினால் 46 கிராம், துணைவிளைபொருளே இல்லை. ஆனால் எத்தீன் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது, சர்க்கரையோ மறுபடி விளையும்.