காது மிஷின் விசிலடிக்கிறதா? புதுசு வாங்கச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

பினாங்கில் அப்பாவுக்கு நடந்தது இது. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின், மெல்லிய குழாய், நுனியில் குடை மாதிரி ஒரு சிலிக்கான் டோம். வாங்கி மூன்று வருடம். திடீரென்று கீ என்று விசில், அதிலும் ரொட்டி சானாய் மெல்லும்போது காது கிழிந்தது.

வாங்கிய கடைக்கே போனோம். அந்தப் பையன் காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டி ஏதோ தட்டினான். விசில் நின்றது, 80 ரிங்கிட். சத்தத்தைக் குறைத்துவிட்டான் என்பது வீட்டில்தான் தெரிந்தது. "சட்டினி வேணுமா?" என்று அம்மா கேட்டால், "பட்டினியா? இப்பதானே சாப்பிட்டேன்" என்கிறார். ச, ஸ போன்ற ஒலிகளுக்குக் கீச்சுக் குரல் பகுதிதான் உயிர். விசில் பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் அதைக் குறைத்தால் விசிலோடு பேச்சும் போய்விடும்.

திரும்பப் போனால், "மிஷின் பழசு அங்கிள், புதுசு 4,800 ரிங்கிட்" என்றான். வாங்கியிருப்போம். நல்லவேளை, தங்கச்சி காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். வலது காதில் அழுக்கு அடைத்திருந்தது. மிஷின் தரும் சத்தம் அதில் மோதித் திரும்பி, வெளியே கசிந்து மைக்கில் ஏறி, மறுபடி பெரிதாகி வருவதுதான் விசில். டாக்டர் உறிஞ்சி எடுத்தார். (பட்ஸ் வைத்து நீங்களே குடையாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.)

விசில் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அங்கே கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவர் இருந்தார், அவர் டோமைப் பார்த்தார். அப்பாவின் காதுக்கு அது சின்னது, வாய் அசைந்தால் நழுவுகிறது. ஒரு அளவு பெரியதாக மாற்றினார். "குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு" என்று அப்பா இரண்டு நாள் முனகினார், அப்புறம் பழகிவிட்டது.

இன்னும் மெல்லிய கீச். அப்போது அவர் செய்தது இதுதான், வீட்டிலேயே செய்யலாம். மிஷினைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டி, டோமை எடுத்துவிட்டுக் குழாய் நுனியைக் கட்டை விரலால் இறுக்கி அடைத்தார். விசில் நின்றால் கோளாறு காதில் அல்லது டோமில். நிற்கவில்லை. குழாயையும் கழற்றி, மிஷினின் வாயை அடைத்தார். நின்றது! ஓட்டை குழாயில்தான். அதற்கும் நிற்காவிட்டால்தான் மிஷினுக்குள் கோளாறு, ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

குழாயை வளைத்துக் காட்டினார். மஞ்சளாகி விறைத்திருந்தது, காதுமேல் வளையும் இடத்தில் முடி மாதிரி ஒரு கீறல். நேராகப் பிடித்தால் தெரியவே தெரியாது. புதுக் குழாய் 30 ரிங்கிட்.

கிளம்பும்போது அவரே கேட்டார், கடையில் எவ்வளவு குறைத்தார்கள் என்று. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். அப்பாவுக்கு எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பழைய ஆடியோகிராமைப் பார்த்து, குறைத்த சத்தத்தை மறுபடி ஏற்றிக்கொடுத்தார். இப்போது சட்டினி சட்டினியாகவே கேட்கிறது.