மொய்க் கணக்கு: விழா நோட்டா, குடும்பவாரிப் பேரேடா, கணக்கு நிரலா?

வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யைக் குறித்து வைக்காத குடும்பம் இருக்காது. ஆனால் எப்படிக் குறித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஓர் அழைப்பிதழ் வரும்போது நமக்குச் சரியான விடை கிடைக்கிறது. வழக்கத்தில் உள்ள மூன்று முறைகளையும் ஒரே உறவினரின் கணக்கை வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். பெரிய மாமா 2016-இல் எங்கள் வீட்டுக் காதணி விழாவுக்கு 2,000 ரூபாய் எழுதினார். 2021-இல் அவர் மகள் திருமணத்துக்கு நாங்கள் 3,000 ரூபாய் செய்தோம். 2024-இல் எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு அவர் 5,000 ரூபாய் எழுதினார். அடுத்து அவர் வீட்டில் விசேஷம் என்றால் நாங்கள் செய்ய வேண்டியது எவ்வளவு?

முதலாவது, விழா நோட்டு. மண்டப வாசலில் மேசை போட்டு, ஒருவர் எழுத, மற்றொருவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போட, வந்த வரிசைப்படி பெயரும் ஊரும் தொகையும் ஏறிக்கொண்டே போகும். இதன் பலம், அன்றிரவே சரிபார்க்க முடிவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத் தொகை போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசென்றிருந்தால், பையில் உள்ள ரொக்கம் நோட்டின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். தவறு பெரும்பாலும் கவரில்தான் நேர்கிறது. நெரிசலில் கவரைப் பிரிக்காமல் பெயரை மட்டும் எழுதித் தொகைக்கு இடம் விட்டுவிடுவார்கள். இரவில் பிரிக்கும்போது கவரின் மேல் பெயர் இருக்காது. நோட்டில் உள்ள வரிசை எண்ணையே கவரின் மூலையில் எழுதிப் போடுவது இதற்கு முழுமையான தீர்வு. கைப்பேசி வழியாக மகனின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும் தொகைகள் இந்த நோட்டில் ஏறுவதே இல்லை என்பதால், நோட்டை மூடுவதற்கு முன் வங்கிப் பட்டியலைப் பார்த்து அவற்றையும் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆனால் மாமாவின் கேள்விக்கு இந்த நோட்டு அரைகுறையாகவே விடை சொல்கிறது. புதுமனை நோட்டைப் புரட்டினால் 5,000 என்று தெரியும். நடுவில் நாம் செய்த 3,000 எந்த விழா நோட்டிலும் இல்லை, ஏனென்றால் அது மாமா வீட்டு நோட்டில் இருக்கிறது. வரவுக்கு மட்டும் நோட்டு வைத்துச் செய்முறைக்கு நினைவையே நம்பும் வீடுகளில், இரு தரப்பும் ஒரே தொகையைப் பற்றி இருவேறு நினைவுகளோடு இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, குடும்பவாரிப் பேரேடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். இடப்புறம் வந்தது, வலப்புறம் செய்தது, ஓரத்தில் பாக்கி. விழா முடிந்த வாரத்திலேயே நோட்டிலிருந்து இதில் பெயர்த்து எழுத வேண்டும். தள்ளிப்போட்டால் தெற்குத் தெருக்காரர் எந்தத் தெற்குத் தெருக்காரர் என்று சொல்ல ஆள் இருக்காது. மாமாவின் பக்கத்தில், முதலில் நாம் தர வேண்டியது 2,000. திருமணத்துக்குப் பிறகு அவர் தர வேண்டியது 1,000. புதுமனைக்குப் பிறகு நாம் தர வேண்டியது 4,000 என்று பாக்கி நகர்கிறது.

இங்கேதான் மொய்க்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. மாமா வீட்டில் பாக்கியைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், பழைய மொய் 4,000 திரும்ப வேண்டும், அதற்கு மேல் வைப்பது புது மொய். கடைசியாக எழுதிய தொகையையே அளவாகக் கொள்பவர்கள் என்றால், 5,000-க்குக் குறைவாக எது எழுதினாலும் குறைத்துச் செய்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாம் எந்த முறையில் கணக்கு வைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எனவே பேரேட்டில் பாக்கிக்கு அருகிலேயே கடைசித் தொகைக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். இரண்டில் கூடுதலாக உள்ள தொகையைச் செய்துவிட்டு, வித்தியாசத்தைப் புது மொய்யாக நம் பக்கத்தில் எழுதிக்கொள்வதே என் வழக்கம்.

பேரேட்டில் எனக்கு இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. சித்தப்பா பெயரில் இருந்த பக்கம், அவர் பிள்ளைகள் மூவரும் தனிக்குடித்தனம் போன பிறகு யாருடையது? பாக்கியை மூன்றாகப் பிரிப்பதை யாரும் ஏற்பதில்லை. முதலில் விசேஷம் வைக்கும் பிள்ளைக்குப் பழைய பாக்கியை முழுவதும் செலுத்திப் பக்கத்தை முடித்துவிட்டு, மற்ற இருவருக்கும் புதுப் பக்கம் தொடங்குவதுதான் எங்கள் வீட்டில் சச்சரவு வராமல் நடந்திருக்கிறது. தாய்மாமன் சீரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வேறு உரிமை, வேறு கணக்கு. தங்கக் காசாக வந்ததை ரூபாயில் எழுதாமல் கிராமில் எழுத வேண்டும், ஏனென்றால் திரும்பச் செய்யும்போது எதிர்பார்க்கப்படுவது அன்றைய விலை அல்ல, அதே எடை.

மூன்றாவது, கணினியில் இயங்கும் கணக்கு நிரல். ஒவ்வொரு தொகையையும் எங்கே வந்தது, எங்கிருந்து வந்தது என்று இரண்டு தலைப்புகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் இது இயங்குகிறது. மாமாவின் கணக்கு hledger என்ற நிரலுக்கான கோப்பில் இவ்வாறு அமையும்:

```
2016-05-22 காதணி விழா
    சொத்து:ரொக்கம்           2000
    கடன்:மொய்:பெரிய மாமா    -2000

2021-02-14 மாமா மகள் திருமணம்
    கடன்:மொய்:பெரிய மாமா     3000
    சொத்து:ரொக்கம்          -3000

2024-06-09 புதுமனை புகுவிழா
    சொத்து:ரொக்கம்           5000
    கடன்:மொய்:பெரிய மாமா    -5000
```

`hledger bal மொய்` என்று கேட்டால் மாமாவுக்கு -4000 என்று காட்டும். கழித்தல் குறி நாம் தர வேண்டியதைக் குறிக்கிறது. கடைசித் தொகை வேண்டுமென்றால் `hledger reg மாமா` என்று கேட்டு வரி வரியாகப் பார்க்க வேண்டும். பாக்கியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் மேலே சொன்ன குழியில் விழுவார்.

நிரலின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. வந்த மொய்யை வருமானம் என்று எழுதினால், விசேஷம் நடந்த ஆண்டில் குடும்பம் செழித்ததுபோலவும், உறவினர் வீட்டு முகூர்த்தங்கள் வரிசையாக வரும் ஆண்டில் வீண் செலவு செய்ததுபோலவும் கணக்கு பொய் சொல்லும். கடன் என்று எழுதினால், பந்தலுக்கும் சமையலுக்கும் அன்றே கரைந்துபோன அந்தப் பணம் இன்னும் திருப்ப வேண்டிய பணம் என்பது கண்ணெதிரே நிற்கும். ஆனால் கடன் என்பதும் முழுப் பொருத்தமில்லை. இதற்குக் கெடுவும் வட்டியும் கிடையாது, விசேஷமே வைக்காத குடும்பத்துக்குத் திருப்பும் வாய்ப்பே வராமல் போகலாம். ஆகவே இந்தக் கடன் தலைப்பின் மொத்தத்தை அடுத்த ஆண்டின் சுமையாகக் கொள்ளாமல், அழைப்பு வரப்போவது உறுதியாகத் தெரிந்த குடும்பங்களின் பாக்கியை மட்டும் கூட்டி ஒதுக்கி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

முன்னூறு பேர் மொய் எழுதிய விழாவை நிரலில் பெயர் பெயராக ஏற்ற நான் ஒருமுறை முயன்றேன். நாற்பதாவது பெயருக்குள்ளேயே எழுத்து மாறுபாட்டால் ஒரே குடும்பம் இரண்டு கணக்குகளாகப் பிரிந்துவிட்டது. அதன் பிறகு நிரலில் ‘கடன்:மொய்’ என்று ஒரே தலைப்பில் விழாவின் மொத்தத்தையும், நாங்கள் செய்யும் ஒவ்வொரு தொகையையும் மட்டும் எழுதுகிறேன். பெயர்களெல்லாம் பேரேட்டில் இருக்கின்றன. விழா நோட்டுகளையும் எறிவதில்லை, ஏனென்றால் பேரேட்டில் பெயர்த்து எழுதியது தவறா என்று ஐயம் வந்தால், அன்று மேசையில் உட்கார்ந்து எழுதியவரின் கையெழுத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.