21ஆம் நாளா, மாதவிடாய்க்கு 7 நாள் முன்னரா?

கல்முனையில் இருக்கும் என் மச்சாளுக்கு மாதவிடாய்ச் சுற்று 35 நாள். கருமுட்டை வெளியானதா என்று பார்க்க, 21ஆம் நாளில் இரத்தம் கொடுத்தாள். புரொஜெஸ்டிரோன் என்ற ஹோர்மோன் மில்லிலீட்டருக்கு 0.6 நானோகிராம். “எனக்கு முட்டையே வரவில்லையா அக்கா?” என்று அழுதாள்.

21ஆம் நாள் என்பது 28 நாள் சுற்றுக்கான கணக்கு. முட்டை வெளியான பிறகுதான் இந்த ஹோர்மோன் ஏறும். ஏறக்குறைய ஏழாம் நாளில் உச்சம் தொடும். 35 நாள் சுற்றில் முட்டை வெளியாவதே 21ஆம் நாளையொட்டித்தான். அன்று அளந்தால் குறைவாகத்தானே இருக்கும்?

மற்ற வழி, அடுத்த மாதவிடாயை எதிர்பார்க்கும் நாளிலிருந்து ஏழு நாள் பின்னோக்கி எண்ணுவது. அடுத்த சுற்றில் 28ஆம் நாள் போனாள். 9.4 வந்தது. 3க்கு மேல் இருந்தால் பொதுவாக முட்டை வெளியானதாகக் கொள்வார்கள். எட்டு நாளில் மாதவிடாயும் வந்தது. அதனால் நாள் சரி என்று தெரிந்தது. அளவு குறைவாக இருந்து, மாதவிடாய் இரண்டு மூன்று வாரம் தள்ளி வந்திருந்தால், அந்த அளவை நம்பியிருக்க முடியாது.

சுற்று 28 நாளாக ஒழுங்காக வருபவர்களுக்கு இரண்டும் ஒரே நாள்தான். மற்றவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். சுற்று மாறி மாறி வந்தால் முட்டை வெளியாவதற்குச் சற்று முன் ஏறும் எல்எச் ஹோர்மோனைச் சிறுநீர்ப் பட்டியில் பார்த்து, அந்த ஏற்றம் தெரிந்து ஏழெட்டு நாளில் இரத்தம் கொடுக்கலாம்.

ஒன்று, 9ஐ விட 15 ‘நல்ல முட்டை’ என்று நினைக்க வேண்டாம். புரொஜெஸ்டிரோன் துடிப்புத் துடிப்பாகச் சுரப்பதால், ஒரே நாளிலேயே அளவு பல மடங்கு ஏறி இறங்கும்.