அஜைலா, வாட்டர்ஃபாலா? சர்க்யூட் போர்டு உள்ள புராஜெக்டில் ஒரு வாதம்

மண்ணின் ஈரத்தை அளந்து, வைஃபை வழியாகக் கைபேசிக்கு அனுப்பி, தேவைப்பட்டால் மோட்டாரை ஓட்டும் கருவி. இறுதியாண்டில் படிக்கும் கதிருக்கும் மீனாவுக்கும் இதுதான் புராஜெக்ட். ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் வாட்டர்ஃபால் முறையைக் கதிர் கேட்கிறான். சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையை மீனா கேட்கிறாள்.

"வாட்டர்ஃபால்தான் சரி. தேவைகள், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்ற வரிசை ரிவ்யூக்களோடு அப்படியே பொருந்துகிறது. தவிர, சர்க்யூட் போர்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற முடியுமா? ஓர் இணைப்பு தவறினாலும் புதிதாக ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்" என்றான் கதிர்.

"அது உண்மைதான். சென்சாரை எந்தப் பின்னில் இணைத்திருக்கிறாய்?"

"25இல்."

"நம் மைக்ரோகன்ட்ரோலரான ஈஎஸ்பி32இல், சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பிரிவுகள். 25ஆம் பின் ஏடிசி2 பிரிவு. வைஃபை டிரைவரும் அதையே பயன்படுத்துவதால், வைஃபை ஓடும்போது அங்கே அளவை நம்பிப் படிக்க முடியாது. உன் வரிசைப்படி சென்சாரைத் தனியாகச் சோதித்தால் சரியாக வரும், வைஃபையும் தனியாகச் சரியாக வரும். இரண்டையும் கடைசியில் சேர்க்கும்போதுதான் கோளாறு தெரியும். அதற்குள் போர்டு அச்சாகிவிட்டிருக்கும்."

"டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படித்தால் வடிவமைப்பிலேயே பிடித்திருக்கலாமே!"

கதிரின் பதிலை ஒதுக்கிவிட முடியாது. ஏட்டில் இருக்கும் தகவலுக்கு அஜைல் தேவையில்லை, கவனம் போதும். ஆனால் மீனா அடுத்துக் கேட்டதற்கு எந்த ஏட்டிலும் விடை கிடையாது: "கரிசலில் எந்த எண் வந்தால் மோட்டார் ஓட வேண்டும்?" மின்தேக்கு வகை சென்சார் தரும் எண் மண்ணுக்கு மண் மாறும். மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். 120 கிராம் மண் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம், உலர்ந்த மண்ணின் எடையில் 20 சதவீதம். அந்த மண்ணில் சென்சார் காட்டிய எண்ணை இதனுடன் ஒப்பிட்டால்தான் அளவுகோல் கிடைக்கும். இதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுவது ஆபத்து. வாட்டர்ஃபாலின் மூலமாகக் காட்டப்படும் 1970 கட்டுரையிலேயே வின்ஸ்டன் ராய்ஸ், சோதனை இறுதியில் வருவதால் இந்த முறை தோல்வியை வரவழைக்கும் என்று எச்சரித்திருக்கிறார்.

எனவே வேலையின் வரிசையில் நான் மீனாவின் பக்கம், போர்டில் கதிரின் பக்கம். முதல் இரண்டு வாரத்தில், இணைப்புகளை எளிதில் மாற்றக்கூடிய பிரெட்போர்டில் ஒரே ஒரு சென்சார், ஏடிசி1 பிரிவிலுள்ள 34ஆம் பின்னில். அதன் எண் வெறும் எண்ணாகவே கைபேசித் திரைவரை வந்து சேரட்டும். அது வந்த பிறகு போர்டின் வடிவமைப்பை உறுதிசெய்து, ஒரே தடவையில் ஆர்டர் கொடுக்கலாம். போர்டு வரும்வரை செயலியையும் அளவுகோலையும் இரண்டிரண்டு வாரச் சுற்றுகளாக வளர்க்கலாம்.

"ஒவ்வொரு சுற்று முடிவிலும் யாரிடம் காட்டுவோம்? கைடு ரிவ்யூ அன்றுதானே பார்ப்பார்?" என்றான் கதிர். கருத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அஜைல், வேலையைத் துண்டு போடுவதோடு நின்றுவிடும்.

"என் மாமாவுக்குத் தோட்டம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை அவரிடமே காட்டுவோம்" என்றாள் மீனா.