பெரியம்மாவுக்கு எதை வாங்குவது: பெரிய எழுத்தா, பூதக்கண்ணாடியா, டேப்லெட்டா, ஒலிநூலா?

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 78 வயது. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா இரு கண்களிலும் தேய்ந்துவிட்டதால், எதிரே வந்து நிற்பவரின் புடவைக் கரை தெரிகிறது, முகம் தெரிவதில்லை. காதும் சற்று மந்தம். காலைக் காப்பியோடு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அதை மடித்தபடியே வைத்துவிடுவதைப் பார்த்து, போன தீபாவளிக்குப் பெரிய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. அவர் எந்த அளவு எழுத்தைப் படிக்க முடியும் என்று பார்க்காமலேயே வாங்கியதுதான் தவறு. இந்த ஆண்டு அதைப் பார்த்துவிட்டு வாங்கினோம். அப்படிப் பார்த்தபோது ஒவ்வொரு பொருளும் எங்கே நின்றது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கதவுச் சட்டமோ சன்னல் கம்பியோ திடீரென்று வளைந்து தெரிகிறது என்று பெரியவர் சொன்னால், அது பரிசு வாங்கும் நேரமன்று. சில நாட்களுக்குள் விழித்திரை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. மங்கலுக்குக் காரணம் கண்புரை என்றால் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் பார்வையைத் திருப்பித் தந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகும் குறை நிற்கிறது என்று உறுதியான பின்னரே கீழே சொல்பவை பொருந்தும்.

சோதனை எளிது. நாளிதழ்ப் பத்தி ஒன்றைக் கணினியில் தட்டச்சு செய்து, 8, 10, 14, 20, 28, 40 பாயிண்ட் அளவுகளில் வெவ்வேறு தாள்களில் அச்சிட வேண்டும். ஒரே பத்தியாக இருந்தால் மனப்பாடமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு வரிகள் இருப்பது நல்லது. அவர் வழக்கமாக அணியும் படிப்புக் கண்ணாடியோடு, வழக்கமான தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், பெரிய எழுத்திலிருந்து தொடங்கிச் சிறியதை நோக்கிப் படிக்கச் சொல்ல வேண்டும். தட்டுத் தடுமாறியாவது படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்து எதுவோ, அதைப் போல் இரு மடங்கு இருந்தால்தான் ஓடுகிற வேகத்தில் படிக்க முடியும். இந்த இரு மடங்குக் கணக்கை மறந்துவிடுவதால்தான், கடையில் நான்கு சொற்களைப் படித்துக் காட்டியவர் வீட்டில் நான்கு பக்கம் படிக்க முடியாமல் போகிறது. பெரியம்மா 20 பாயிண்டில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தார். ஆகவே அவருக்குத் தேவை 40 பாயிண்ட். நாளிதழின் எழுத்து ஏறத்தாழ 10 பாயிண்ட் என்று கொண்டால், நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும்.

இந்த ஓர் எண் கிடைத்ததுமே பெரிய அச்சுப் புத்தகம் போட்டியிலிருந்து விலகிவிட்டது. பெரிய அச்சு என்று விற்கப்படுபவை பொதுவாக 16 முதல் 18 பாயிண்ட் வரையில்தான் இருக்கும். ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே அச்சிட்ட கதைப் புத்தகங்களைத் திருவிழாக் கடைகளில் விற்ற மரபு நமக்கு உண்டு என்றாலும், இன்றைய நாவல்களும் கட்டுரைகளும் தமிழில் அந்த வடிவில் கிடைப்பது அரிது. கிடைப்பவற்றில் பெரும்பகுதி பக்தி நூல்கள். அதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. சோதனையில் 8 பாயிண்டைத் தடுமாறிப் படிப்பவருக்கு 18 பாயிண்ட் புத்தகத்தைவிடச் சிறந்த பரிசு கிடையாது: மின்னேற்றம் வேண்டாம், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, விட்ட பக்கத்தில் மயிலிறகையும் வைக்கலாம்.

பூதக்கண்ணாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நான் வாங்கியதன் பிடியில் ‘10X’ என்று பொறித்திருந்தது. வில்லையோ உள்ளங்கை அகலம். இவை இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது; பெருக்கும் திறன் கூடக்கூட வில்லை சிறிதாகியே தீரும். உண்மையான திறனை வீட்டிலேயே அளந்துவிடலாம். சன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே வில்லையைப் பிடித்து, சன்னலின் உருவம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். வில்லைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சென்டிமீட்டர் தூரத்தால் 25-ஐ வகுத்தால் எத்தனை மடங்கு என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். என் பரிசு 12 சென்டிமீட்டர் காட்டியது: இரண்டு மடங்குதான். நான்கு மடங்கு தேவைப்பட்டவருக்கு அது எப்படிப் பயன்பட்டிருக்கும்?

உண்மையாகவே நான்கு மடங்கு பெருக்கும் வில்லையைக் கையில் பிடித்தால், தாளிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் அசையாமல் நிறுத்த வேண்டும். கை நடுங்குபவருக்கு அது ஆகாத காரியம். தாளின்மேல் வைத்து நகர்த்தும், உள்ளே விளக்குள்ள நிலைப் பூதக்கண்ணாடி அந்தத் தூரத்தைத் தானே காத்துக்கொள்ளும் என்பதால் முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனாலும் அதில் ஒரு பார்வைக்கு நாளிதழின் நான்கைந்து எழுத்துகள்தாம் தெரியும். கண்ணை வில்லைக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் இன்னும் சில கூடும். ஆங்கிலம் படிப்பவருக்கு அதற்குள் ஒரு முழுச் சொல் அடங்கிவிடலாம். ‘கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்பதில் மட்டும் 13 எழுத்துகள் இருக்கும் நம் மொழியில், வினை முடிவதற்குள் எழுவாய் மறந்துபோகும். ஆகவே தமிழில் கதை படிக்க இது உதவாது. மாத்திரைப் பட்டையின் காலாவதித் தேதி, மின்கட்டணத் தொகை, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பார்க்க இதற்கு இணை இல்லை. வெயில் படும் இடத்தில் மட்டும் இதை வைக்கக் கூடாது. வில்லை வெயிலைக் குவித்துத் தாளைப் பற்றவைத்துவிடும்.

பத்து அங்குல டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைத்தால், 40 பாயிண்டில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள் அடங்குகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொள்ள முடிவதால் கண் கூசுவதில்லை. அச்சுத் தாளால் இதைத் தர முடியாது. படிக்கவும் பஞ்சமில்லை: 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும் கின்டில் செயலியின் தமிழ் நூல்களையும் விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம். நாளிதழை வாங்கும்போது பக்கத்தின் படமாக வரும் பதிப்பைத் தவிர்க்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கும். எழுத்து பெரிதாகும்போது வரி தானாக மடங்கும் வடிவமே வேண்டும். டேப்லெட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது: முதியவர்களின் உலர்ந்த விரலைத் திரை சில வேளை உணர்வதில்லை, அல்லது நடுங்கும் விரலின் ஒரு தொடுதலை இரண்டாக எடுத்துக்கொள்கிறது. அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, முதல் திரையில் இரண்டே செயலிகளை விட்டுவைத்த பிறகுதான் பெரியம்மா அதை அச்சமின்றித் தொட்டார். அப்போதும் இருபது நிமிடத்துக்கு மேல் படிக்க அவரால் முடிவதில்லை. நடுப்பார்வை போனவர் பக்கப் பார்வையால் படிக்கிறார், அது களைப்பூட்டும் வேலை.

கண் அழுத்த நோயால் பக்கப் பார்வை சுருங்கி நடுப்பகுதி மட்டும் எஞ்சியவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகும். எழுத்தை மிகப் பெரிதாக்கினால் அவருக்குத் தெரியும் சிறு வட்டத்துக்குள் சொல்லே அடங்காது. அவருக்கு ஓரளவு பெரிய எழுத்தும் நல்ல மேசை விளக்குமே போதும். மேசை விளக்கு யாருக்கும் வீண்போகாத பரிசு. தாளுக்கும் விளக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, ஆகவே கூரையில் இன்னொரு குழல்விளக்கு மாட்டுவதைவிட இது பயன் தரும்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு என்ன செய்வது? அங்கேதான் ஒலிநூல் வருகிறது, அங்கே காதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. முகம் தெரியாதபடி அவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இயல்பான குரலில் பட்டு, கட்டு, தட்டு, மட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திரும்பச் சொல்லக் கேட்டேன். தட்டைப் பட்டு என்றார், கட்டைத் தட்டு என்றார். உயிரொலி ஒன்றுகூடப் பிசகவில்லை. முதுமையில் முதலில் போவது உயர்ந்த சுருதி, அதில்தான் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் இருக்கிறது. ‘கேட்கிறது, ஆனால் புரியவில்லை’ என்று அவர் சொல்லிவந்ததன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. இத்தகையவரிடம் ஒலியைக் கூட்டினால் உயிரொலிதான் மேலும் முழங்கும். மின்விசிறிச் சத்தத்தை விலக்கிக் காதை முழுவதும் மூடும் ஹெட்போனும், சற்றுக் குறைத்த வேகமும், தாழ்ந்த சுருதிக் குரலும் அவருக்கு உதவின.

டேப்லெட்டே எழுத்தைப் படித்துக் காட்டும் என்றாலும், அந்த இயந்திரக் குரலை இவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரக்கத்துக்குரிய பாவமும் நடனத்தின் பாவமும் நம் எழுத்தில் ஒன்றே. மனிதர் சூழலறிந்து பிரித்துப் படிப்பார், இயந்திரம் ஊகித்துத் தவறும், மெய்யொலியைத் தவறவிடும் காது அதற்கு மேல் ஊகிக்க முடியாது. மனிதர் படித்த பதிவே வேண்டும். கண் குறைபாட்டால் அச்சைப் படிக்க முடியாதவர்கள் 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் உறுப்பினராகலாம். நாங்கள் அதோடு வீட்டுப் பிள்ளைகள் படித்த பதிவுகளையும் பென் டிரைவில் ஏற்றினோம்.

ஒலிக்கும் கருவியில் திரையைத் தவிர்த்து, பொத்தான்கள் உள்ளதையே தேர்ந்தெடுத்தோம். கடையில் ஒன்றை மட்டும் தவறாமல் சோதிக்க வேண்டும்: பாதியில் அணைத்துவிட்டு மீண்டும் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? பாட்டுக் கேட்பதற்காகச் செய்த கருவிகளில் பல முதல் கோப்புக்கே திரும்பிவிடுகின்றன. பாட்டுக்கு அதனால் நட்டமில்லை. நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் இருப்பவர் கருவியையே வெறுத்துவிடுவார்.

காதுக்கருவியை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது கேள்திறன் சோதனைக்குப் பிறகு காதுக்கேற்ப அமைக்க வேண்டியது, ஓரிரு முறை திரும்பச் சென்று சரிசெய்யவும் வேண்டும். கடையில் வாங்கிப் பொதிந்து கொடுக்க இயலாது. சோதனைக்கு அழைத்துச் சென்று வருவதையே பரிசாகத் தரலாம். சில வேளை காதுக் குறும்பியை எடுத்ததுமே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கடைசியில் மேசை விளக்கு, டேப்லெட், பொத்தான் கருவி, மருந்துக்கு மட்டும் சிறிய நிலைப் பூதக்கண்ணாடி என்று நான்கையும் நாங்கள் மூன்று குடும்பமாகப் பகிர்ந்து வாங்கினோம். ஒன்றுதான் முடியும் என்றிருந்தால், இந்தக் கண்ணுக்கும் இந்தக் காதுக்கும் டேப்லெட்டையே வாங்கியிருப்பேன். கருவியின் ஐந்து பொத்தான்களும் விரலுக்கு ஒரே மாதிரி இருந்ததால், ஒலிக்கவைக்கும் பொத்தானின்மேல் ஒரு கல்பொட்டை ஒட்டினோம். இரண்டு வாரத்தில் அது உதிர்ந்தபோது, பெரியம்மாவே தம் பொட்டு அட்டையிலிருந்து இன்னொன்றைத் தடவி எடுத்து ஒட்டிக்கொண்டார்.