கரி, எலுமிச்சை, ஸ்ட்ரிப், ட்ரே: என் அனுபவத்தில் நிலைத்து நின்ற வெண்மை எது?

என் பல்லின் அச்சில் செய்த ட்ரேயில் ஜெல் வைத்து, வீட்டிலேயே பல்லை வெளுக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் கரி பேஸ்ட், பல்லில் ஒட்டிக்கொள்ளும் வெளுப்பு ஸ்ட்ரிப் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தியது என் தங்கை. அவள் பல்லில் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இணையத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை அது, இவற்றில் அதிகம் பாதிப்பதும் அதுதான்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், மஞ்சள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். டீ, காபி, புகையிலைக் கறை பல்லின் மேல்பரப்பில் படிவது. பல் மருத்துவரிடம் கிளீனிங் செய்தால் அது போய்விடும். கிளீனிங் முடிந்த பிறகும் பல் சீராக மஞ்சளாகவே தெரிந்தால், அந்த நிறம் உள்ளேயிருந்து வருகிறது. வெளியே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, டென்டினும் அடர்ந்த நிறத்துக்குப் போகிறது. எனக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை. இந்த மஞ்சளை வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் எடுக்க முடியாது. தேய்த்தால் குறைவது எனாமல்தான்.

கரி பேஸ்ட்டை ஒரு ட்யூப் முடியும்வரை பயன்படுத்தினேன். முன்பற்களின் உட்பக்கத்திலிருந்த டீக் கறை குறைந்தது உண்மை. பல்லின் அடிப்படை நிறம் துளியும் மாறவில்லை. பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்தது. கரித்துகள் அந்த இடுக்கில் போய்த் தங்கிவிட்டது என்று மருத்துவர் காட்டினார். கரி கறையை உறிஞ்சி எடுக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். நடைமுறையில் வேலை செய்வது அதன் உராய்வுதான். எவ்வளவு சொரசொரப்பு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தளர்வான கரிப்பொடியில் அதைத் தெரிந்துகொள்ளவே வழியில்லை. இன்னொரு குறையும் உண்டு: கரி பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃபுளோரைடு இருப்பதில்லை. தினசரி பேஸ்ட்டை விட்டுவிட்டு அதற்கு மாறுகிறவர், சொத்தைக்கு எதிரான பாதுகாப்பையும் சேர்த்தே விடுகிறார்.

எலுமிச்சைக்கு வருகிறேன். தங்கை எலுமிச்சைச் சாற்றைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தாள். கொஞ்ச நாளிலேயே, “அக்கா, எவ்வளவு வெள்ளையா ஆயிருக்கு பாரு” என்று வந்து காட்டினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளையில் பளபளப்பு இல்லை, சுண்ணாம்பு பூசியதைப் போல மங்கலாக இருந்தது. அமிலம் பட்டால் எனாமலின் மேல்பரப்பிலிருந்து தாது கரைந்து, நுண்ணிய குழிகள் உண்டாகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் பல் வெளுத்ததாகத் தோன்றுகிறது. அதாவது, முறை பலிக்கிறது என்று நாம் நினைக்கும் அந்த வெண்மையே சேதத்தின் முதல் அறிகுறி.

அமிலத்தன்மை கூடக் கூடக் குறைகிற பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். போதாததற்கு அதிலுள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அமிலத்தால் மென்மையான பரப்பை உடனே பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னும் மோசம். இளகிய அடுக்கு தேய்ந்தே போய்விடும். எச்சில் கொஞ்சம் தாதுவைத் திருப்பித் தரும். ஆனால் தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது.

தங்கைக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசியது. பிறகு முன்பற்களின் வெட்டும் நுனி கண்ணாடி மாதிரி ஊடுருவி, லேசான சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அவள் நிறுத்திவிட்டாள். மங்கல் வெண்மையும் போனது, பல் முன்பைவிட மஞ்சளாகிவிட்டது. எனாமல் மெலிந்ததால் டென்டின் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நீங்கள் எலுமிச்சை பயன்படுத்திக்கொண்டிருந்தால் கண்ணாடியில் இந்த நுனிகளைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னக் குழிகள் விழுந்திருக்கிறதா, ஃபில்லிங் பல்லைவிட உயர்ந்து நிற்கிறதா என்றும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலர் சாற்றோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்கிறார்கள். நுரைப்பது, அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால். சாறு கூடினால் மிச்சம் அமிலம்தான். சோடாவைத் தனியாக எடுத்தால் உராய்வு குறைவு, மேல்கறையை ஓரளவு எடுக்கும். உள்நிறத்துக்கு அதனால் பயனில்லை.

உள்நிறத்தை மாற்றுவது பெராக்சைடு. அது எனாமலைத் தாண்டி உள்ளே ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. ஸ்ட்ரிப்பிலும் அதுதான் இருக்கிறது. எனக்கு முன்பற்களில் நிறம் மாறியது, ஆனால் பற்களின் இடுக்கிலும் ஈறோரத்திலும் ஸ்ட்ரிப் ஒட்டாததால் அங்கெல்லாம் மஞ்சள் அப்படியே இருந்தது. பல்வரிசை சீராக இருப்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வதில் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துகிறார்கள். வேகம் உண்டு, கூச்சமும் அதிகம். நாற்காலியிலிருந்து எழுந்ததும் தெரியும் வெண்மையில் ஒரு பகுதி, பல் ஈரம் வற்றியதால் வருவது. சில நாளில் அது இறங்கிவிடும்.

நான் நிலைத்தது ட்ரேயில். மருத்துவர் என் பல்லின் அச்செடுத்து மெல்லிய ட்ரே செய்து, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் கொடுத்தார். இது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். மருத்துவ இதழில் 1989-ல் விவரிக்கப்பட்டு, அன்றிலிருந்து நீண்ட காலம் ஆராயப்பட்ட முறை. இரவு பல் துலக்கிய பின், ட்ரேயின் முன்சுவரில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிறு பொட்டு ஜெல் மட்டும் வைக்க வேண்டும். போட்டதும் ஈறில் வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அளவு கூடினால் ஈறு வெளுத்து எரியும். அந்த வெள்ளைத் திட்டு தானாக மறையும், ஆனால் அளவைக் குறைக்கச் சொல்லும் அடையாளம் அது.

முதல் வாரத்தில் பல் சுரீரென்று கூசியது. மருத்துவர் சொன்னபடி ஓர் இரவு விட்டு ஓர் இரவு என்று மாற்றினேன். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்ச ஜெல்லைத் தூங்குமுன் கொஞ்ச நேரம் அதே ட்ரேயில் வைத்துக்கொண்டேன். அடங்கிவிட்டது. பொதுவாக 2 முதல் 6 வாரம் வரை ஆகும் என்றார். கோரைப்பல் மெதுவாகத்தான் வெளுத்தது, அது இயல்பிலேயே அடர்ந்த நிறம். பல்லில் வெண்திட்டுகள் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் ஜெல்லைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

நிறம் மெல்ல இறங்கத்தான் செய்கிறது. ட்ரே பத்திரமாக இருப்பதால், மங்கியதாகத் தெரியும்போது மருத்துவரிடம் கேட்டுச் சில இரவுகள் மட்டும் போட்டுக்கொள்கிறேன். ஃபில்லிங்கும் கேப்பும் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது. என் முன்பல் ஃபில்லிங் சுற்றியிருந்த பல்லைவிட மஞ்சளாகத் தனித்துத் தெரிந்ததால் அதை மாற்ற வேண்டியிருந்தது. பெராக்சைடு பட்ட எனாமலில் புது ஃபில்லிங் உடனே சரியாக ஒட்டாது, நிறமும் நிலைப்பட வேண்டும் என்று, வெளுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மருத்துவர் அதைப் போட்டார்.