இரண்டு வருட இடைவெளி: மறைப்பதா, முழுக்கதையும் சொல்வதா, சுருக்கமாகச் சொல்வதா?

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் மில் ஆபீஸில் பார்த்த கணக்குக் கிராணி வேலையை விட்டேன். இரண்டு வருடம் கழித்து கெடாவில் பீடோங் பக்கம் மறுபடி வேலை தேடியபோது, அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது என்பதற்கு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

மறைத்துவிடு என்றார்கள் சிலர். ரெஸுமேயில் மாதத்தைப் போடாதே, மாமா கடையில் கணக்குப் பார்த்ததாக எழுது என்று. இது நிற்காது. இபிஎஃப் அறிக்கையைக் கேட்டால் எந்த மாதம் சந்தா ஏறவில்லை என்பது தெரிந்துவிடும். தோட்டத்து ஊரில் விசாரிப்பதும் சுலபம்.

முழுக்கதையும் சொல்வது இன்னொரு வழி. ஆஸ்பத்திரி, மருந்து, தூக்கமில்லாத ராத்திரி என்று ஆரம்பித்தால், கேட்பவர் நிச்சயம் இரக்கப்படுவார். ஆனால் சொல்லச் சொல்ல நம் குரல் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். வேலையைப் பற்றிப் பேச நேரமும் இருக்காது.

நான் எடுத்தது மூன்றாவது வழி. ரெஸுமேயில் தேதியோடு 'தாயாரின் முழுநேரப் பராமரிப்பு' என்று ஒரே வரி. நேர்முகத்தில் இவ்வளவுதான்: "அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நான் வேலையை விட்டேன். இப்போது தம்பி மாலை ஷிப்டுக்கு மாறிவிட்டான், காலையில் அவனே கூட்டிப்போகிறான்."

இதில் கடைசி வாக்கியம்தான் வேலை வாங்கித் தரும். எதிரே இருப்பவருக்குப் பழைய இரண்டு வருடம் பெரிய விஷயமில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் இவள் திடீரென்று லீவு போடுவாளா என்பதுதான் அவர் கவலை. வாய்விட்டுக் கேட்க மாட்டார். கேட்காத அந்தக் கேள்விக்கும் நாமே பதில் சொல்லிவிட வேண்டும். 'இனிமேல் லீவே எடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அது பொய்யாகிவிடும். அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பெஷலிஸ்ட் கிளினிக். அதற்கு நான்தான் போகவேண்டும். வருடத்துக்கு நாலு நாள். மலேசிய வேலைச் சட்டப்படி முதல் இரண்டு வருடத்தில் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு உண்டு, அதிலேயே அடங்கும். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். மேனேஜர் குறித்துக்கொண்டு, அடுத்து இ-இன்வாய்ஸ் தெரியுமா என்று கேட்டார். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாக வந்த மாற்றம் அது, நான் வீட்டில் இருந்த காலம். படித்திருக்கிறேன், கையால் இன்னும் செய்ததில்லை என்றேன்.

பார்த்துக்கொள்ள மாற்று ஆள் இன்னும் அமையவில்லையென்றால் இந்த வழி பாதிதான் உதவும். அப்போது பகுதிநேர வேலையை நேரடியாகவே கேட்பது நல்லது. கோலாலம்பூர் நிறுவனங்களின் இணையப் படிவங்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கேயும் வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில் அதே ஒரு வரியைத்தான் போட்டேன். நேர்முகம் பெரும்பாலும் மலாயில் நடக்கும், அதனால் அந்த மூன்று வாக்கியத்தையும் மலாயிலேயே சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.